கெட்ட காற்றுக் கொள்கை ஒரு பம்புக் கைப்பிடியோடு ஒழிந்துவிட்டதா?

பொன்வண்டு
மகள் எட்டாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு லண்டன் காலரா கதையை எடுத்திருக்கிறாள். சார்ட்டில் நாலே படம்: 1854, பிராட் தெரு; ஜான் ஸ்னோ என்ற டாக்டர்; சாவுகளைப் புள்ளி வைத்த வரைபடம்; கைப்பிடி கழற்றிய பம்பு. "நோய் நின்றது, கெட்ட காற்றுக் கொள்கை தோற்றது" என்று கீழே பட்டையாக எழுதியாயிற்று. நாறும் காற்றுதான் நோயைத் தருகிறது என்பதுதான் அந்தப் பழைய கொள்கை.

நேற்று ராத்திரி பசை தடவிக்கொண்டே கேட்டாள்: "தண்ணிதான்னு அவர் அப்பவே காட்டிட்டாருல்ல, அப்புறம் ஏன்ப்பா 1880 வரைக்கும் காத்து காத்துன்னே சொன்னாங்க? அந்த டாக்டருங்க எல்லாம் முட்டாளா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கண்காட்சி வெள்ளிக்கிழமை.

கடைசிபஸ்
ரொம்ப சிம்பிள் சார். அப்போது கிருமியைப் பார்க்க மைக்ராஸ்கோப் கிடையாது. கண்ணால் பார்க்காததை யார் நம்புவார்கள்? 1884இல் ராபர்ட் கோச் கல்கத்தாவில் காலராக் கிருமியைக் காட்டினார், எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஐந்தாவது படமாகக் கோச்சைப் போட்டுவிடுங்கள்.

பழைய பிப்பெட்
முப்பத்தொரு வருஷம் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு, அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஸ் தம்பி, மைக்ராஸ்கோப் இருந்தது. அதே 1854இல் ஃபுளாரன்ஸில் ஃபிலிப்போ பசீனி என்பவர் காலராவில் செத்தவர்களின் குடலில் அந்தக் கிருமியைப் பார்த்து, எழுதி, அச்சிட்டும் இருக்கிறார். யாரும் சீண்டவில்லை. அதனால் பார்க்க முடியாததால்தான் நம்பவில்லை என்பது அவ்வளவு சரியாக வராது.

குழந்தையின் சார்ட்டில் நாலாவது படம்தான் இடிக்கிறது. ஆகஸ்ட் 31 ராத்திரி தொடங்கி, பத்தே நாளில் அந்தப் பம்பைச் சுற்றி ஐந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கைப்பிடியைக் கழற்றியது செப்டம்பர் 8. அதற்குள் சாவு தானாகவே இறங்க ஆரம்பித்துவிட்டது. தெருவில் ஆளே இல்லை, ஓட முடிந்தவர்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள். கைப்பிடியைக் கழற்றியதால் நின்றது என்று ஸ்னோவே சொல்லவில்லை. சுகாதார வாரியத்தின் குழு விசாரித்து, தண்ணீர்தான் காரணம் என்று நம்ப இடமில்லை என்று எழுதியது. கைப்பிடியும் திரும்பிப் பம்புக்கே போனது.

ஆகவே பிராட் தெருவில் கெட்ட காற்று தோற்கவே இல்லை.

கணக்குப்பிள்ளை
முட்டாளா என்று கேட்டதற்கு நான் சொல்கிறேன். புள்ளியியல் பாடம் எடுக்கிறேன். இந்தக் கதையில் ஸ்னோவைவிட எனக்குப் பிடித்தவர் எதிர்த்தரப்பு ஆள். வில்லியம் ஃபார். இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் கணக்குகளைப் பார்த்தவர்.

1849 காலராவில் லண்டனில் பதினாலாயிரம் பேர் போனார்கள். ஃபார் ஊரை உயரப்படி பிரித்தார். தேம்ஸ் மட்டத்திலிருந்து 20 அடிக்குள் இருக்கும் இடங்களில் பத்தாயிரத்துக்கு 102 சாவு. 20 முதல் 40 அடி வரை 65. அடுத்த படியில் 34, அதற்கடுத்து 27. இப்படியே இறங்கி, 350 அடி உயரத்தில் வெறும் 7. மேட்டுக்கு ஏற ஏற சாவு குறைகிறது, அதுவும் ஒரு சூத்திரத்துக்குள் அடங்குகிற மாதிரி.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆற்றங்கரைச் சேற்றிலிருந்து விஷக்காற்று எழும்பிப் பள்ளத்தில் தங்குகிறது, மேலே போகப் போக நீர்த்துப்போகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? நான் அன்றைக்கு இருந்திருந்தால் ஃபார் பக்கம்தான். ஸ்னோ கையில் இருந்தது ஒரு தெரு, ஃபார் கையில் இருந்தது ஒரு நகரம்.

பொன்வண்டு
அப்படியென்றால் அந்தக் கணக்கு தப்பா?

கணக்குப்பிள்ளை
எண்ணிக்கை தப்பில்லை, அதைப் படித்த விதம்தான் தப்பு. பள்ளத்தில் இருந்தவர்கள் யார் தண்ணீரைக் குடித்தார்கள்? பெரும்பாலும் தேம்ஸின் கீழ்ப்பகுதியில், சாக்கடை கலக்கிற இடத்தில் எடுத்த தண்ணீர். உயரமும் தண்ணீரும் சேர்ந்தே மாறின. இரண்டும் கைகோர்த்து வரும்போது எது குற்றவாளி என்று எண்ணை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டும்.

தேனருவி
வணக்கம். தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். எங்கள் அடுக்ககத்தில் சமையலறை சிங்க்கின் அடிக் குழாயிலிருந்து இரண்டு வாரமாக நாற்றம். சின்னவனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். அந்தக் காற்றால்தான் என்று மாமியார் சொல்லி, தினமும் வேப்பிலையும் சாம்பிராணியும் போடுகிறார். பிளம்பர் என்ன செய்ய வேண்டும்?

பழைய பிப்பெட்
அம்மா, இது பழைய லண்டன் கதை. இருந்தாலும் சொல்கிறேன்: சிங்க் அடியில் வளைந்து நிற்கிற குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்க வேண்டும், அதுதான் நாற்றத்துக்குத் தாழ்ப்பாள். வளைவில் கசிகிறதா, அல்லது நேர்க்குழாயாக மாட்டிவிட்டார்களா என்று பாருங்கள். காய்ச்சலுக்குக் குழாயைக் காரணம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தாமல் பையனை டாக்டரிடம் காட்டுங்கள். குடிக்கிற தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, மூடியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

தேனருவி
தொட்டி நாறவில்லையே ஐயா, தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது?

கிணற்றடி
அதிலதான் பிழை இருக்கு அக்கா. நான் யாழ்ப்பாணம். எங்கட வளவுக் கிணற்றுத் தண்ணி ஊருக்கே பேர் போனது, தேத்தண்ணி வைத்தால் தனி ருசி என்று பக்கத்து வீட்டார் குடத்தோடு வருவினம். நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கேக்க எங்கட வீட்டில் மூன்று பேருக்கும், குடத்தோடு வந்த வீட்டில் இரண்டு பேருக்கும் நெருப்புக்காய்ச்சல், அதுதான் டைபாய்டு. பின்வீட்டுக்காரர் புதிதாக வெட்டின மலசலகூடக் குழி மதிலுக்கு அந்தப் பக்கம். எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், வெடிப்பு வழியே எல்லாம் ஓடும். தண்ணியில் மணமும் இல்லை, நிறமும் இல்லை. அம்மம்மா மட்டும் மதிலுக்கு அங்கால இருந்து வருகிற நாற்றம்தான் காரணம் என்று கடைசிவரை சொன்னா. குழி மூடினதும் நாற்றமும் போனது, காய்ச்சலும் போனது. அவ சொன்னது சரி என்றுதான் எல்லாரும் நினைத்தினம்.

பழைய பிப்பெட்
கிணற்றடி, இதை நீங்கள் பிராட் தெருவைப் பற்றியே எழுதியிருக்கலாம். அந்தப் பம்புத் தண்ணீருக்கும் தெளிவு, சுவை என்று நல்ல பெயர். ஒரு விதவை அந்தத் தெருவிலிருந்து பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட் மேட்டுக்குக் குடிபோனவர், ருசி பிடித்துப்போய்த் தினமும் ஒரு பாட்டில் வண்டியில் வரவழைத்துக் குடித்தார். அவர் செத்தார். அவர் வீட்டுக்கு வந்து அதைக் குடித்த உறவுப் பெண்ணும் தன் ஊர் திரும்பிச் செத்தார். அந்த மேட்டில் வேறு காலரா இல்லை. காற்று அவ்வளவு தூரம் வந்து ஒரே வீட்டில் இறங்குமா?

குழி விஷயமும் அப்படியே. ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார், ஸ்னோ சொல்வது தப்பு என்று நிரூபிக்கத்தான் வீடு வீடாகப் போனார். கடைசியில் அவரே கண்டுபிடித்தார்: பம்பை ஒட்டிய வீட்டில் ஒரு கைக்குழந்தை ஆகஸ்ட் 28 வாக்கில் பேதியில் விழுந்திருக்கிறது. தாய் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டு முன்புறக் குழியில் கொட்டியிருக்கிறார். தோண்டிப் பார்த்தால் குழியின் செங்கல் சுவர் இற்றுப்போய், கிணற்றுக்கு மூன்றடிகூட இல்லை.

கடைசிபஸ்
சரி ஐயா, கணக்குப்பிள்ளை சார் சொன்ன "பிரிப்பது" எப்படி நடந்தது? மேட்டில் பாதிப் பேருக்கு அழுக்குத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கவா முடியும்?

பழைய பிப்பெட்
அதைத்தான் லண்டன் தண்ணீர் கம்பெனிகள் தாமாகவே செய்து வைத்திருந்தன. பம்புக் கதையை விட்டுவிட்டு இதைச் சார்ட்டில் போடச் சொல்வேன்.

தேம்ஸின் தென்கரையில் இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுக் குழாய் பதித்தன. ஒரே தெரு, ஒரு வீட்டுக்கு இந்தக் கம்பெனி, அடுத்த வீட்டுக்கு அந்தக் கம்பெனி. அதே காற்று, அதே பள்ளம், அதே வருமானம். லாம்பெத் கம்பெனி 1852இல் நீரெடுக்கும் இடத்தை ஆற்றின் மேலே, சாக்கடை எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டது. சதர்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி ஊருக்குள்ளேயே பாட்டர்ஸியில் எடுத்துக்கொண்டிருந்தது.

1854இல் காலரா வந்தபோது ஸ்னோ செத்தவர் வீட்டுக் கதவை ஒவ்வொன்றாகத் தட்டி, "உங்கள் வீட்டுக்கு யார் தண்ணீர்?" என்று கேட்டார். அங்கே ஒரு சிக்கல். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தண்ணீர்க் கட்டணத்தை வீட்டுக்காரர் கட்டுகிறார், குடியிருப்பவருக்கு என்ன தெரியும்?

இங்கேதான் என் தொழில் வருகிறது. பாட்டர்ஸி வரை கடல் ஓதம் ஏறும், ஊர்ச் சாக்கடையும் சேரும், அதனால் அந்தத் தண்ணீரில் உப்பு அதிகம். ஸ்னோ அளந்து பார்த்தார்: ஒரு காலனில் 37.9 கிரெய்ன் உப்பு. லாம்பெத் தண்ணீரில் 0.95. நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 540 மில்லிகிராம், எதிரே 14. கம்பெனி பெயர் தெரியாத வீட்டில் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவார். சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டால் லாம்பெத் தண்ணீர் லேசாகப் புகை படிந்த மாதிரி இருக்கும். மற்றது உடனே பால் திரிந்தது போல வெள்ளையாகக் கட்டிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் செய்த அதே சோதனை. தொட்ட விரல் மறுநாள் கறுத்துப்போகும், ஸ்னோவின் விரலும் கறுத்துத்தான் இருந்திருக்கும்.

முதல் ஏழு வாரத்துக் கணக்கு: சதர்க் அண்ட் வாக்ஸால், 40,046 வீடு, 1,263 சாவு. லாம்பெத், 26,107 வீடு, 98 சாவு. பத்தாயிரம் வீட்டுக்கு 315, எதிரே 37.

கணக்குப்பிள்ளை
ஒரு குறை சொல்லலாமா? வீடுகளின் எண்ணிக்கை கம்பெனிகள் மொத்தமாகக் கொடுத்தது. இரண்டு கம்பெனியும் கலந்து ஓடிய தெருக்களில் மட்டும் எத்தனை வீடு யாருடையது என்று அந்தச் சமயத்தில் அவரிடம் பிரிவு இல்லை. அதாவது வகுக்கிற எண் கொஞ்சம் தளர்வு. எட்டரை மடங்கு வித்தியாசத்தை அந்தத் தளர்வு விழுங்கிவிடாது, ஆனால் அன்றைக்கு நம்பாதவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடைத்தது. இன்னொன்று, அழுக்குத் தண்ணீரிலிருந்தும் கெட்ட ஆவி எழும்பலாமே என்று அவர்கள் சொல்லலாம், சொன்னார்கள்.

பொன்வண்டு
ஃபார் கடைசிவரை மாறவே இல்லையா?

கணக்குப்பிள்ளை
மாறினார். அதுதான் எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம். 1866இல் திரும்பவும் காலரா. இந்தத் தடவை லண்டனின் மற்ற பகுதிகள் பெரும்பாலும் தப்பின, சாவு கிழக்கு லண்டனில் குவிந்தது. ஃபார் உயரத்தைப் பார்க்கவில்லை, முதலில் தண்ணீர் கம்பெனி வரைபடத்தைத்தான் எடுத்தார். சாவு விழுந்த இடமெல்லாம் ஒரே கம்பெனி, அதிலும் ஓல்டு ஃபோர்டு நீர்த்தேக்கத்திலிருந்து வரும் குழாய். கம்பெனியின் எஞ்சினியர், வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டுக்கூட விடவில்லை என்று பத்திரிகைக்கு எழுதினார். அப்புறம் பார்த்தால் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் வீட்டுக் குழாயில் விலாங்கு மீன் வந்திருக்கிறது. மணல் வடிகட்டியில் விலாங்கு எப்படி ஐயா நுழையும்? மூடாத குளத்துத் தண்ணீரைக் கலந்து விட்டிருக்கிறார்கள். ஸ்னோ 1858லேயே, 45 வயதில் இறந்துவிட்டார், இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

கடைசிபஸ்
ஒரு சந்தேகம். லண்டன் பாதாளச் சாக்கடையைக் கட்டியதே நாற்றத்துக்குப் பயந்துதானே? 1858 கோடையில் தேம்ஸ் நாறி, பார்லிமென்ட்டில் உட்கார முடியாமல் பணம் ஒதுக்கினார்கள். அதனால்தானே 1866இல் மற்ற பகுதி தப்பியது? அப்போது கெட்ட காற்றுக் கொள்கை நல்லதுதானே செய்திருக்கிறது!

பழைய பிப்பெட்
இதில் தம்பி சொல்வது பாதி அல்ல, முக்காலே சரி. எஞ்சினியர் பாசல்கெட் கட்டிய அந்தச் சாக்கடை கிழக்கு லண்டனில் 1866இல் இன்னும் முடியவில்லை, மற்ற இடத்தில் ஓடியது.

மிச்சக் கால் பங்கையும் பாருங்கள். சுகாதாரச் சீர்திருத்தக்காரர் எட்வின் சாட்விக், நாற்றம் எல்லாமே நோய்தான் என்கிற அளவுக்குப் பேசியவர். அந்தக் கொள்கைப்படி வீட்டு மலக்குழிகளை ஒழித்துச் சாக்கடைக்குள் கழுவி விட்டார்கள். சாக்கடை போய்ச் சேர்ந்தது தேம்ஸ். தேம்ஸ்தான் குடிதண்ணீர். வீட்டுக்குள் நாற்றம் குறைந்தது, 1849இல் பதினாலாயிரம் பேர் செத்தார்கள். அதே கொள்கை ஒரு தடவை கொன்றது, ஒரு தடவை காப்பாற்றியது. வித்தியாசம், அழுக்கு நீரெடுக்கும் இடத்துக்கு மேலே விழுந்ததா, கீழே விழுந்ததா என்பதுதான்.

அப்புறம் 1858. ஆறு அப்படி நாறிய வருஷம் கொள்ளைநோய் வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. கைக்குட்டையை மூக்கில் பிடித்தவர்கள் எல்லாம் பிழைத்திருந்தார்கள்.

கிணற்றடி
அப்ப கோச் வந்த பிறகாவது முடிந்ததா?

பழைய பிப்பெட்
அப்போதும் இல்லை. கல்கத்தாவில் ஒரு குளத்தைச் சுற்றி நோய் வந்தபோது அந்தக் குளத்துத் தண்ணீரிலேயே கோச் கிருமியைப் பிடித்தார். கமா மாதிரி வளைந்த கிருமி. ஆனால் விலங்குக்குக் கொடுத்து நோயை உண்டாக்க அவரால் முடியவில்லை. ஒரு கிருமிதான் காரணம் என்று சொல்ல அவரே எதிர்பார்த்த சோதனை அது. எதிராளிகள் விடுவார்களா?

மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்று பெரிய சுகாதார அறிஞர். கிருமி மட்டும் போதாது, மண்ணும் நிலத்தடி நீர்மட்டமும் சேர்ந்து பக்குவமாக வேண்டும் என்பது அவர் கட்சி. 1892 அக்டோபர் 7, வயது 73. வயிற்று அமிலம் கொன்றுவிட்டது என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகச் சோடா உப்பைக் கலந்துகொண்டு, காலராக் கிருமி வளர்த்த குழம்பில் ஒரு கன சென்டிமீட்டரைக் குடித்தார். கொஞ்சம் பேதி, அவ்வளவுதான். பிழைத்தார், ஜெயித்ததாகவே நினைத்தார். சில நாள் கழித்துக் குடித்த அவர் சீடர் எம்மெரிக் மட்டும் நன்றாகவே அவதிப்பட்டார், அவரும் பிழைத்தார்.

கடைசிபஸ்
அவருக்குக் கிருமி அனுப்பியவர்கள் வேண்டுமென்றே வீரியம் குறைந்ததை அனுப்பியிருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை
அப்படி ஒரு பேச்சு உண்டு, அது ஊகம்தான். காலராக் கிருமி உள்ளே போன பலருக்கு லேசான பேதியோடு போய்விடும் என்பதே போதுமான விளக்கம் என்பது என் கட்சி. ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அவர் 73 வயதுப் பேராசிரியராக இருந்தாலும். அவர் குடித்ததற்கு முந்தைய மாதங்களிலேயே ஹாம்பர்க் பதில் சொல்லிவிட்டது. எல்ப ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் விட்ட ஹாம்பர்க்கில் எட்டாயிரத்துச் சொச்சம் சாவு. ஒட்டியே இருக்கிற அல்டோனா நகரம் அதே ஆற்றில், ஹாம்பர்க் சாக்கடைக்குக் கீழே தண்ணீர் எடுத்தது. ஆனால் மணலில் மெதுவாக வடிகட்டியது. அங்கே சாவு சில நூறுகள்தான். ஒரே தெருவில் எல்லைக் கோடு வரை வந்து காலரா நின்றது. மண், காற்று, மேடு பள்ளம் எல்லாம் ஒன்று.

பழைய பிப்பெட்
கோச்சின் அந்த விலங்குச் சிக்கலையும் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் முடித்தவர் நம்மவர். கல்கத்தாவில் சம்புநாத் டே, முயல் குடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி உள்ளே கிருமியை விட்டார், அந்தத் துண்டு நீர் கட்டி வீங்கியது. 1959இல், கிருமியே இல்லாமல் அது வளர்ந்த திரவத்தை மட்டும் வடித்து விட்டும் அதே வீக்கத்தைக் காட்டினார். காரணம் கிருமி சுரக்கிற நஞ்சு. கோச் வந்துபோன அதே ஊரில், எழுபத்தைந்து வருஷம் கழித்து.

தேனருவி
நான் செவிலியர்தான், கேள்வியைப் புரியாமல் கேட்டுவிட்டேன். இப்போது முழுதும் படித்தேன். ஒன்று உறுத்துகிறது. கொரோனா வந்த 2020இல் காற்றில் பரவாது, கை கழுவுங்கள் என்றுதான் எங்களுக்கு முதலில் சொன்னார்கள். வார்டில் ஜன்னலைத் திறக்கச் சொன்னால் சிரித்தார்கள். காற்று என்றாலே மூடநம்பிக்கை என்று ஒதுக்கப் பழகியதும் இதற்குக் காரணமாக இருக்குமா?

பழைய பிப்பெட்
அது அதிகப்படி அம்மா. காசநோய் காற்றில் பரவும் என்று எல்லா டாக்டருக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் ஐயா. 1910இல் அமெரிக்கச் சுகாதார அதிகாரி சார்ல்ஸ் சேப்பின், நோய் காற்றில் மிதந்து வருகிறது என்ற எண்ணத்தை விட்டால்தான் மக்கள் கை, தொடுதல், துப்பல் மேல் கவனம் வைப்பார்கள் என்ற ரீதியில் வாதாடினார். அந்தச் சாய்வு நூறு வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். காசநோய்க்குக்கூட 1950களின் கடைசியில் கினிப்பன்றிகளை வார்டுக் காற்றில் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

பழைய பிப்பெட்
இதற்குத் தனியாக ஒரு இழை போடுங்கள், சண்டைக்கு வருகிறேன்.

பொன்வண்டு
எல்லோருக்கும் நன்றி. நாலாவது படத்தைக் கிழித்தாயிற்று, அழுதாள், பரவாயில்லை. இப்போது இரண்டு கம்பெனித் தெருவை வரைந்திருக்கிறாள், சிவப்பு வீடு, நீல வீடு. கண்காட்சியில் சில்வர் நைட்ரேட் சோதனையைச் செய்து காட்ட வேண்டும் என்கிறாள். பள்ளியில் கொஞ்சம் கொடுக்கிறார்களாம். உப்பு எவ்வளவு போடணும் ஐயா?

பழைய பிப்பெட்
நம்ம ஊர்க் குழாய்த் தண்ணீரிலேயே உப்பு இருக்கும், அதை எடுத்தால் இரண்டு குப்பியும் வெளுத்துவிடும், மானம் போகும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் வாங்குங்கள். இரண்டு லிட்டர் போதும். ஒரு லிட்டரில் அரை கிராம் உப்பு, டீஸ்பூனில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே. இன்னொரு லிட்டரில் அந்த உப்புத் தண்ணீரிலிருந்து ஐந்து டீஸ்பூன் எடுத்து விட்டால் போதும். குப்பிகளையும் அந்த நீராலேயே அலசச் சொல்லுங்கள். கையுறை கட்டாயம், கண்ணாடியும். கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்தால் வெள்ளை நன்றாகத் தெரியும்.

பொன்வண்டு
கையுறையை ஞாபகமாக எடுத்துப் போனாள். சாயங்காலம் வரும்போது வலது கட்டை விரல் மட்டும் கறுப்பு. சோப்பு போட்டுத் தேய்க்க விட மாட்டேன் என்கிறாள்.